ஹைட்ரோஸ் டிரம்முக்கு மேல் என்ன எழுதி ஒட்டுவது?

சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடும் பட்டறை ஒன்றின் ஸ்டோர் ரூமை எடுத்துக்கொள்வோம். மதுரையில் இப்படிப்பட்ட அறைகள் நிறைய உண்டு. பத்துக்குப் பன்னிரண்டு அடி, ஒரே ஜன்னல், மேலே ஓடோ ஆஸ்பெஸ்டாஸோ. உள்ளே சாய வேலைக்கான ஹைட்ரோஸ் தூள் டிரம், காஸ்டிக் சோடா மூட்டை, பெராக்சைடு கேன், அசிட்டிக் ஆசிட் கேன். ஒவ்வொன்றுக்கும் சப்ளையர் அனுப்பிய பாதுகாப்புத் தாள் ஒன்று, எம்எஸ்டிஎஸ் என்றோ எஸ்டிஎஸ் என்றோ பேர் போட்டு, ஆபீஸ் ஃபைலில் தூங்கிக்கொண்டிருக்கும். பத்துப் பன்னிரண்டு பக்கம், அத்தனையும் ஆங்கிலம். அதிலிருந்து ஆள்கள் படிக்கிற மாதிரி ஒரு போஸ்டர் எழுதச் சொல்லி உங்களிடம் கொடுத்துவிட்டார்கள் என்றால் எங்கே தொடங்குவது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில், கையில் இருப்பது சரியான தாள்தானா என்று பார்க்க வேண்டும். நான் முதன்முதலில் எழுதிய போஸ்டர் இதில்தான் விழுந்தது. பெராக்சைடுக்குத் தாள் கிடைக்கவில்லை என்று இணையத்தில் ஒன்றை இறக்கினேன். அதில் 2ஆம் பகுதியில் ‘அபாயப் பொருளாக வகைப்படுத்தப்படவில்லை’ என்றிருந்தது. அப்படியே எழுதிவிட்டேன். பட்டறையில் பல வருஷம் வெளுப்பு வேலை பார்த்த பெரியவர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, பேசாமல் தன் வலது கையை நீட்டினார். விரல் நுனிகள் சுண்ணாம்பில் தோய்த்தது போல வெள்ளையாக இருந்தன. “தம்பி, நீங்க எழுதுனது மருந்துக்கடை பெராக்சைடு. நம்ம கேன் வேற.”

அவர் சொன்னதுதான் சரி. புண் கழுவும் பெராக்சைடு 3 சதவீதம். பட்டறைக்கு வருவது 50 சதவீதம். பெயர் ஒன்று, ரசாயனத்தை அடையாளம் காட்டும் சிஏஎஸ் எண்ணும் ஒன்றுதான் (7722-84-1), ஆனால் அபாயம் செறிவைப் பொறுத்து ஏறுகிறது. ஐரோப்பிய வகைப்பாட்டில் 5 சதவீதத்துக்குக் கீழே கண்ணுக்குக்கூட எச்சரிக்கை கிடையாது. 8 சதவீதத்தைத் தொட்டாலே கண்ணுக்குக் கடும் சேதம். 35ஐத் தொட்டால் தோல் எரிச்சல். 50ஐத் தொட்டால் தோலை அரிக்கும், கூடவே தீயைத் தூண்டும் திரவம் என்ற பட்டமும் சேர்ந்துகொள்ளும். ஆகவே 3ஆம் பகுதியைத் திறந்து அங்கே போட்டிருக்கும் சதவீதமும் கேன் லேபிளில் உள்ள சதவீதமும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றில்லை என்றால் அந்தத் தாளை மேற்கொண்டு படிக்க வேண்டாம்.

ஹைட்ரோஸில் சிக்கல் வேறு மாதிரி. அதன் முழுப்பெயர் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட். சோடியம் ஹைட்ரோசல்ஃபைடு என்று வேறொரு ரசாயனம் இருக்கிறது. காதுக்கு ஒரே மாதிரி கேட்கும், குணம் முற்றிலும் வேறு. இங்கே சிஏஎஸ் எண்தான் கை கொடுக்கும். ஹைட்ரோஸ் 7775-14-6. அந்த மற்றது 16721-80-5.

இந்த இரண்டும் சரியென்றால் தாளுக்குள் போகலாம். இப்போதைய தாள்களில் 16 பகுதிகள் இருக்கும், வரிசை எங்கும் ஒன்றுதான். போஸ்டருக்கு முக்கியமாக வேண்டியவை 2, 4, 5, 7, 8, 10 ஆகியவை. சில உள்ளூர் சப்ளையர்கள் இன்னும் 1989ஆம் ஆண்டு அபாய ரசாயன விதிகளின் 9ஆம் அட்டவணையில் உள்ள பழைய படிவத்தையே தருவார்கள். அதில் எண் வரிசை மாறும், தலைப்பைப் பார்த்துத் தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

2ஆம் பகுதி: அபாய வகை

இங்கே H என்று தொடங்கும் குறியீடுகள் இருக்கும். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. H2 என்று தொடங்கினால் தீ, வெடிப்பு போன்றவை. H3 என்றால் உடம்புக்கு. H4 என்றால் மண்ணுக்கும் தண்ணீருக்கும். ஹைட்ரோஸ் தாளில் H251, H302 இரண்டும் கட்டாயம் நிற்கும். முதலாவது, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கலாம் என்பது. இரண்டாவது, விழுங்கினால் கேடு என்பது. சில கம்பெனித் தாள்களில் கண் எரிச்சலுக்கு H319 கூடச் சேர்ந்திருக்கலாம். ஐரோப்பிய முறையில் எழுதிய தாளாக இருந்தால் EUH031 என்று ஒன்றும் இருக்கும்: ஆசிட் பட்டால் நச்சு வாயு வரும். இந்தக் குறியீடு ஐரோப்பாவுக்கு மட்டும் உரியது. மற்ற தாள்களில் 2ஆம் பகுதியில் அது வராது. அதற்காக வாயு வராமல் இருந்துவிடாது, 10ஆம் பகுதியில் போய்த் தேட வேண்டும்.

குறியீட்டுக்குப் பக்கத்தில் ‘கேட்டகரி 1’, ‘கேட்டகரி 4’ என்று எண் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய எல்லாரும் இதைத் தலைகீழாகப் படிக்கிறார்கள். இந்த முறையில் 1 என்பதுதான் மிக மோசம். எண் கூடக்கூட அபாயம் குறைகிறது. ஆனால் அதே தாளில் வேறொரு பக்கத்தில் நீலம், சிவப்பு, மஞ்சள், வெள்ளை என நான்கு கட்டமாக ஒரு வைரச் சதுரம் போட்டிருப்பார்கள். அது அமெரிக்கத் தீயணைப்பு முறை. அதில் 4தான் மோசம், 0 என்றால் ஒன்றுமில்லை. ஒரே தாளில் இரண்டு எதிரெதிர் கணக்கு! போஸ்டரில் எண்ணே போடாதீர்கள் என்பது என் கட்சி. ‘அபாயம்’, ‘எச்சரிக்கை’ இரண்டில் எது என்பதைத் தாளே சொல்லிவிடுகிறது. டேஞ்சர் என்றிருந்தால் அபாயம், வார்னிங் என்றால் எச்சரிக்கை. ஒரே தாளில் இரண்டும் சேர்ந்து வராது.

சிவப்பு ஓரம் போட்ட படங்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தீச்சுடர் படம் இரண்டு விதம் என்பதை மட்டும் ஆள்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். வெறும் சுடர் என்றால் அந்தப் பொருளே பற்றும் (ஹைட்ரோஸ்). சுடருக்கு அடியில் ஒரு வட்டம் இருந்தால், தான் எரியாமல் பக்கத்தில் இருப்பதை எரிய வைக்கும் (50 சதவீதப் பெராக்சைடு). கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் இரண்டும் ஒரே கறையாகத் தெரியும். கலர் பிரின்ட்டே போடுங்கள்.

கையாளும் முறை: P2, P4 குறியீடுகள்

அதே 2ஆம் பகுதியில் P என்று தொடங்கும் வாக்கியங்களும் இருக்கும். P2 எல்லாம் முன்னெச்சரிக்கை, P3 நடந்துவிட்டால் செய்ய வேண்டியது, P4 சேமிப்பு, P5 கழிவு. போஸ்டருக்கு இதுவே நல்ல எலும்புக்கூடு. ஆனால் எலும்புக்கூடு மட்டும்தான். P280 என்பது ‘பாதுகாப்புக் கையுறை அணிக’ என்று நின்றுவிடும். அதை அப்படியே எழுதினால் ஆள்கள் மூட்டை தூக்கும் துணிக் கையுறையை மாட்டிக்கொள்வார்கள். துணி காஸ்டிக் கரைசலை உறிஞ்சித் தோலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். வெறுங்கையே மேல் என்று ஆகிவிடும். எந்தப் பொருளில் செய்த கையுறை என்பது 8ஆம் பகுதியில் இருக்கும். அங்கிருந்து எடுத்து ‘முழங்கை வரை ரப்பர் கையுறை. துணி, தோல் கையுறை ஆகாது’ என்று எழுதுங்கள்.

ஹைட்ரோஸின் சேமிப்பு வாக்கியங்களில் P407 என்று ஒன்று வரும்: அடுக்குகளுக்கு நடுவே காற்று இடைவெளி விடு. இதைக் கழித்துவிடத்தான் கை துடிக்கும், ஏனென்றால் இடம் கிடையாது. ஆனால் தானாகச் சூடேறும் பொருளுக்கு இதுதான் உயிர்நாடி. உள்ளே உண்டாகும் சூடு வெளியேற வழி இல்லாமல் போனால் அது மேலும் சூட்டை உண்டாக்கும். ‘டிரம்முக்கும் சுவருக்கும் நடுவே, டிரம்முக்கும் டிரம்முக்கும் நடுவே ஒரு சாண் விடவும்’ என்று எழுதினோம். சாண் என்பது தாளில் இல்லை. தாளில் அளவே போடவில்லை என்பதால் நாங்கள் வைத்துக்கொண்ட அளவு அது.

ஒரு மக் தண்ணீர்

ஒரு ஐப்பசி மழையில் ஓட்டு இடுக்கு வழியாகச் சொட்டிய தண்ணீர், மூடி சரியாகப் போடாத ஹைட்ரோஸ் டிரம்முக்குள் இறங்கியது. முதலில் வாசனைதான் வந்தது. தீபாவளிக்கு மறுநாள் தெருவில் அடிக்குமே, அந்த கந்தக நெடி. அப்புறம் மூடி ஓரத்தில் வெள்ளைப் புகை. ஓடி வந்த ஒருவர் பக்கத்தில் இருந்த மக்கில் தண்ணீர் மொண்டு ஊற்றினார். புகை இரண்டு மடங்கானது. இன்னொருவர் மூடியை அழுத்திச் சாத்தப் போனார். நல்லவேளையாக மேஸ்திரி அவரை இழுத்து வெளியே கொண்டுவந்துவிட்டார். தீயணைப்பு வண்டி வந்து தண்ணீரைக் கொட்டோ கொட்டென்று கொட்டிய பிறகுதான் அடங்கியது.

இது 5ஆம் பகுதியையும் 7ஆம் பகுதியையும் சேர்த்து வாசித்தால் புரியும். ‘ஈரம் படக் கூடாது’ என்று 7 சொல்கிறது. ‘ஏராளமான தண்ணீர்’ என்று 5 சொல்லும். முரண்பாடு போலத் தோன்றும், ஆனால் இல்லை. கொஞ்சம் தண்ணீர் பட்டால் சிதைவு தொடங்கிச் சூடு ஏறும், சல்ஃபர் டையாக்சைடு வரும். ஏராளமான தண்ணீர் அந்தச் சூட்டையே இழுத்துக்கொண்டு போய்விடும். ஆபத்து இடைப்பட்ட அளவில்தான். மூடி போட்டு அடக்குவதும் வேலைக்கு ஆகாது. ஹைட்ரோஸ் எரிவதற்கு வெளிக் காற்று தேவையில்லை. மணல் கொட்டினாலும் அதே கதைதான். வெள்ளமாகத் தண்ணீர் அடிப்பது மூச்சுக் கருவி மாட்டிய தீயணைப்பு வீரர்களின் வேலை. ஆகவே பட்டறை ஆளுக்கு எழுத வேண்டிய வரி வேறு. எங்கள் போஸ்டரில் இப்படி நின்றது:

> ஹைட்ரோஸ் – அபாயம்
> ஈரம் பட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். ஆசிட் பட்டால் நச்சுப் புகை. விழுங்கினால் ஆபத்து.
>
> எடுக்கும்போது: காய்ந்த கரண்டி மட்டும். எடுத்ததும் மூடி. தூள் பறக்கக் கூடாது. ரப்பர் கையுறை, கண்ணாடி. மிச்சத்தைத் திரும்ப டிரம்மில் போடக் கூடாது.
>
> புகை வந்தால்: மக் தண்ணீர் ஊற்றக் கூடாது. மூடவும் கூடாது. எல்லாரும் வெளியே. 101க்குப் போன் செய்து ‘ஹைட்ரோஸ், யூஎன் 1384’ என்று சொல்லவும்.
>
> புகையை இழுத்துவிட்டால்: வெளிக்காற்றுக்குக் கொண்டுபோய் உட்கார வைக்கவும். இருமல் நிற்காவிட்டால், மூச்சு இழுத்தால் 108.
>
> மேலே கொட்டினால்: முதலில் தூளைத் தட்டிவிடவும். பிறகு நிறையத் தண்ணீர்.

யூஎன் எண் 14ஆம் பகுதியில் இருக்கும். நமக்கு அது வெறும் எண்தான். தீயணைப்புக்காரர்களுக்கு அது ஒன்றே போதும், எதை எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று தெரிந்துவிடும். வாக்கியங்களை ‘கூடாது’ என்று முடித்ததற்கும் காரணம் உண்டு. ‘ஊற்றாதே’ என்றால் வயசானவர்கள் முகம் சுளிக்கிறார்கள். ‘ஊற்றாதீர்’ என்றால் கோயில் போர்டு போல ஆகிவிடுகிறது, யாரும் படிப்பதில்லை.

முதலுதவி: காஸ்டிக்கை வைத்து

முதலுதவியை 2ஆம் பகுதியின் P3 வாக்கியங்களிலிருந்து மட்டும் எடுத்தால் குறைபடும். கண்ணுக்கு அங்கே ‘பல நிமிடங்கள் கழுவுக’ என்றுதான் இருக்கும். பல என்றால் எத்தனை? 4ஆம் பகுதியில் நிமிடக் கணக்கு உண்டு. பெரும்பாலும் குறைந்தது 15 நிமிடம், காஸ்டிக்குக்குச் சில தாள்கள் 30 நிமிடம் கூடச் சொல்லும். தாள்கள் வேறுபட்டால் கூடுதல் நேரத்தைப் போடுங்கள். காரம் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போகும் தன்மை உள்ளது, கூடுதலாகக் கழுவியதால் யாருக்கும் நஷ்டமில்லை.

இந்த 15 நிமிடத்தைத் தண்ணீராக மாற்றிப் பாருங்கள். கண் கழுவும் கருவிக்கு அமெரிக்கத் தரநிலை வைத்திருக்கும் குறைந்தபட்ச ஓட்டம் நிமிடத்துக்கு 1.5 லிட்டர். பதினைந்து நிமிடத்துக்கு 22.5 லிட்டர். கடைக்குக் கடை போடுகிறார்களே 20 லிட்டர் கேன், அது முழுசாகக் காலியாகி இன்னும் கொஞ்சம் வேண்டும். சுவரில் மாட்டி வைத்திருக்கும் அரை லிட்டர் கண் கழுவும் பாட்டில் குழாயடிக்கு நடந்து போகும் வரைக்கும்தான். ஆகவே போஸ்டரில் ‘குழாயடியில்’ என்ற சொல் இருக்க வேண்டும். இன்னொன்று, இது தாளில் கிடைக்காது: சித்திரை மாதத்தில் மதுரையில் மாடித் தொட்டித் தண்ணீர் மத்தியானத்தில் கை வைக்க முடியாதபடி இருக்கும். அந்தத் தண்ணீரைக் கண்ணில் விட முடியாது, விட்டாலும் ஒரு நிமிடத்தில் நிறுத்திவிடுவார்கள். வெயில் படாத குழாய் எது என்று பார்த்து, அதைத்தான் போஸ்டரில் எழுத வேண்டும்.

மொழிபெயர்ப்பில் கவனிக்க வேண்டியதும் இங்கேதான். ‘வாந்தியைத் தூண்டக் கூடாது’ என்று எழுதினேன். படித்தவரிடம் என்ன புரிந்தது என்று கேட்டால், “வாந்தி வந்தா அடக்கிக்கணும்ணே” என்றார்! சொல்ல வந்தது அதுவல்ல. காஸ்டிக் தொண்டையை ஒருமுறை எரித்துக்கொண்டு இறங்கியிருக்கிறது, வாந்தி எடுக்க வைத்தால் மறுபடி எரித்துக்கொண்டு மேலே வரும். நம் ஊரில் உப்புத் தண்ணீர் கொடுப்பார்கள், விரலை விடுவார்கள். அதையே பேர் சொல்லி எழுதினால்தான் ஏறும்: ‘வாயைக் கொப்பளிக்கவும். உப்புத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. தொண்டையில் விரல் விடக் கூடாது. 108.’ இந்த வரிகளோடு ‘விஷ முறிவு மையத்தை அழைக்கவும்’ என்று ஒரு வெளிநாட்டு எண் தாளில் இருக்கும். அதை போஸ்டருக்குக் கொண்டுவர வேண்டாம். ஆனால் தாளின் ஒரு நகலை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கதவுப் பக்கம் தொங்கவிடுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் கையோடு எடுத்துப் போகட்டும். டாக்டருக்கு போஸ்டர் உதவாது, தாள் உதவும்.

தோலில் காஸ்டிக் செதில் பட்டால் தட்டிவிட்டு, உடுப்பைக் கழற்றி, தண்ணீர். ‘ஆசிட் ஊற்றிச் சரிசெய்யக் கூடாது’ என்பதையும் எழுதுங்கள். இது சாயப்பட்டறைக்கென்றே உள்ள ஆபத்து. காரத்தை ஆசிட் முறிக்கும் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும், அசிட்டிக் ஆசிட் கேன் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். முறிக்கும்போது சூடு கிளம்பும், புண் பெரிதாகும்.

எந்தத் தாளிலும் இல்லாத போஸ்டர்

ஒவ்வொரு ரசாயனத்துக்கும் ஒரு போஸ்டர் எழுதி முடித்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஹைட்ரோஸ் தாளுக்கு அந்த அறையில் அசிட்டிக் ஆசிட் இருப்பது தெரியாது. பெராக்சைடு தாளுக்குப் பக்கத்தில் யார் என்று தெரியாது. அதை நாம்தான் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு வெள்ளைத்தாளில் நான்கு பெயர்களையும் மேலே ஒரு வரிசை, இடப்பக்கம் ஒரு வரிசை எழுதிக் கட்டம் போடுங்கள். ஒவ்வொரு தாளின் 10ஆம் பகுதியிலும் ‘சேரக் கூடாத பொருள்கள்’ என்ற பத்தி இருக்கும். அங்கே ‘ஆசிட்’, ‘ஆக்சிடைசர்’, ‘ரெட்யூசிங் ஏஜென்ட்’ என்று பொதுப்பெயர்தான் போட்டிருப்பார்கள். நம் அறையில் அந்தப் பொதுப்பெயருக்கு யார் சொந்தக்காரர் என்று பார்த்துக் கட்டத்தில் பெருக்கல் குறி போட வேண்டும். பெராக்சைடு ஆக்சிடைசர், ஹைட்ரோஸ் ரெட்யூசிங் ஏஜென்ட்.

எங்கள் கட்டத்தில் ஆறு ஜோடிகளில் ஆறிலும் ஏதோ ஒரு குறி விழுந்தது. எல்லாவற்றையும் சமமாக எழுதினால் யாரும் மதிக்க மாட்டார்கள், நான்கு அறை கட்டவும் இடமில்லை. ஆகவே முதல் இரண்டை மட்டும் கதவில் பெரிதாக எழுதினோம்: ‘ஹைட்ரோஸ் பக்கத்தில் ஆசிட் வைக்கக் கூடாது’, ‘ஹைட்ரோஸ் பக்கத்தில் பெராக்சைடு வைக்கக் கூடாது’. ஹைட்ரோஸைத் தனி அலமாரிக்கு, தரையிலிருந்து உயர்த்தி, குழாய் போகாத சுவருக்கு மாற்றினோம். காஸ்டிக் எதிர் மூலைக்குப் போனது. அதற்கு அளவு எடுக்க அதுவரை வைத்திருந்த அலுமினியப் போணியும் போனது. காஸ்டிக் கரைசல் அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவை விடும் என்பது அதே 10ஆம் பகுதியில் ஒரு ஓரமாக இருந்தது.

போஸ்டரின் அடியில் சின்ன எழுத்தில் தாளின் திருத்த தேதியும் சப்ளையரின் சதவீதமும் இருக்கட்டும். சப்ளையர் மாறி 50க்குப் பதில் 35 வந்தால் போஸ்டர் தப்பு என்று அந்த வரிதான் காட்டிக்கொடுக்கும்.

ஒட்டிய அன்று மத்தியானம், வேலைக்குச் சேர்ந்து நான்கு நாளே ஆன பையன் ஒருவனைப் போஸ்டருக்கு முதுகைக் காட்டி நிற்கவைத்து, “கண்ணுல காஸ்டிக் பட்டா என்னடா செய்வே?” என்று கேட்டோம். “குழாயடிக்குப் போவேன்ணே” என்றான். போய்க் காட்டு என்றோம். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டித் தடவியபடி போனவன் நாலாவது எட்டில் உப்பு மூட்டையில் முட்டிக்கொண்டான். குழாய் அந்த மூட்டைக்குப் பின்னால் இருந்தது. அன்றைக்கே மூட்டைகளை அங்கிருந்து எடுத்து, வாசலிலிருந்து குழாய் வரை தரையில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டோம்.